‘லைஃப்டைம்’ யாருடைய லைஃப்? வாழ்நாள் டீலில் சாஃப்ட்வேர் வாங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம். பெங்களூரு ஜீவன்பீமா நகரில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கும் ஒரு அக்கா போன் செய்தார். “தம்பி, மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு கஸ்டமர் கூப்பிட்டாங்க. பருப்புப் பொடி டப்பாவை ஸ்கேன் பண்ணா நம்ம பக்கம் வரலையாம். ‘இந்தக் கோடு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, பிளானை மேம்படுத்தவும்’னு என்னமோ வருதாம். நாம என்னைக்கும் காசு கட்ட வேண்டாம்னுதானே வாங்கினோம்?”

வாங்கியது நான்தான். அல்சூரில் இருந்துகொண்டு சிறு வியாபாரங்களுக்கு வெப்சைட், பில்லிங், வாட்ஸ்அப் கேட்லாக் எல்லாம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2022 நவம்பரில் 59 டாலருக்கு ஒரு கியூஆர் கோடு கருவி ‘லைஃப்டைம் டீலில்’ கிடைத்தது. ஒருமுறை காசு கட்டினால் போதும், கோடு அச்சடித்த பிறகும் அது எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். தீபாவளிக்கு ஒரு சமையல் வீடியோ, பொங்கலுக்கு ஒரு ஆஃபர் பக்கம் என்று அக்காவுக்கு அது வசதி. ஏழு வகைப் பொடிக்கு ஏழு கோடு போட்டு, சுல்தான்பேட்டையில் 3,000 ஸ்டிக்கர் அடித்தோம்.

26 மாதம் ஓடியது. அப்புறம் அந்தக் கருவி கை மாறியது. புது முதலாளிகள் பழைய வாழ்நாள் கணக்குகளை ‘பாரம்பரிய பிளான்’ என்ற பெயருக்கு மாற்றி, ஒரு கணக்குக்கு இரண்டு கோடுதான் என்றார்கள். மீதி ஐந்தும் நின்றன. அதைத்தான் அந்த மாரத்தஹள்ளி கஸ்டமர் பார்த்தார்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வாழ்நாள் டீல் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். அந்த முறைதான் கீழே.

முதலில்: எந்த லைஃப் என்று கண்டுபிடியுங்கள்

விற்பனைப் பக்கத்தில் ‘லைஃப்டைம்’ என்று பெரிதாக இருக்கும். அதன் அர்த்தம் விதிமுறைப் பக்கத்தில்தான் கிடைக்கும். அங்கே போய் ‘lifetime’ என்ற சொல்லைத் தேடுங்கள். நான் பார்த்த வரை நான்கு விதமாக எழுதுகிறார்கள்.

வாங்கியவரின் ஆயுள் என்பது ஒன்று. ஆன்லைன் சேமிப்பு விற்கும் பிகிளவுட், 99 ஆண்டுகள் அல்லது கணக்கு வைத்திருப்பவரின் ஆயுள், இதில் எது குறைவோ அது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லதுதான். இரண்டாவது, அந்தப் பொருளின் ஆயுள். கம்பெனி அந்தப் பொருளை நடத்தும் வரை நீங்களும் உபயோகிக்கலாம். டீல்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான், பலரும் கவனிக்காமல் விடுவதும் இதுதான். மூன்றாவது, கம்பெனியின் ஆயுள். நான்காவது, அந்த வெர்ஷனின் ஆயுள்: இப்போது வெர்ஷன் 2 வாங்கினால் 2.9 வரை உங்களுடையது, 3 வந்தால் அது தனிப் பொருள், தனி விலை.

அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடுவேன். விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. அது இல்லாத கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை, அதற்காக வாங்காமல் இருக்கவும் முடியாது. மற்றொன்று, இத்தனை மாதம் உள்ளே வராவிட்டால் கணக்கு மூடப்படும் என்பது. எப்போதாவது தேவைப்படும் என்று வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு இதுதான் ஆபத்து.

இரண்டாவது: வாங்குவது எங்கே ஓடுகிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகி, நெட் இல்லாமலும் ஓடும் சாஃப்ட்வேராக இருந்தால் வாழ்நாள் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. கம்பெனி மூடினாலும் ஃபைல் உங்களிடம் இருக்கிறது. அடுத்த விண்டோஸ் வரும்வரையாவது ஓடும். ஆனால் புது கம்ப்யூட்டரில் போடும்போது கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் லைசென்ஸைத் திறக்கும் என்றால், அந்த சர்வர் நின்ற நாளோடு உங்கள் லைசென்ஸ் பழைய கம்ப்யூட்டரிலேயே சிறைப்பட்டுவிடும். வாங்கியவுடன் வை-ஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால் பாதிக் கவலை விட்டது.

வேர்ட்பிரஸ் பிளகின்கள் இதற்கு நெருங்கிய உறவு. அவற்றில் பெரும்பாலானவை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவதால், கம்பெனி போனாலும் நீங்கள் இறக்கிய பிரதியை உபயோகிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்டேட் வராது, அவ்வளவுதான். ஆனால் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து யாரும் அடைக்காத பிளகினை வெப்சைட்டில் விட்டுவைப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

மூன்றாவது வகை, பிரவுசரில் திறந்து உபயோகிப்பது. டீல் சந்தைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். இங்கே உங்களிடம் ஃபைல் எதுவும் இல்லை. இருப்பது ஒரு கணக்கும் பாஸ்வேர்டும். சாஃப்ட்வேரை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் வாங்கியது, காலவரை குறிப்பிடாத முன்பண வாடகை.

இந்த மூன்றாவது வகையில், நீங்கள் ஒவ்வொரு முறை உபயோகிக்கும்போதும் கம்பெனிக்குச் செலவாகிறதா என்று யோசியுங்கள். ஈமெயில் அனுப்பும் கருவி, வீடியோ சேமிக்கும் இடம், எஸ்எம்எஸ், எழுத்தையும் படத்தையும் தானாக உருவாக்கும் கருவிகள், இவை எல்லாவற்றிலும் கம்பெனி இன்னொருவருக்கு மாதாமாதம் பில் கட்டுகிறது. நீங்கள் கட்டியதோ ஒருமுறை, அதிலும் டீல் சந்தை ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. புதுச் சந்தாதாரர்கள் வந்துகொண்டே இருந்தால் சமாளிக்கலாம். வராதபோது வாழ்நாள் கணக்குகள்தான் முதலில் கண்ணை உறுத்தும். சில ஆயிரம் பேர் தினமும் உபயோகிக்கிறார்கள், ஒரு பைசா வரவில்லை என்றால் எந்த முதலாளிக்கும் கை அரிக்கும்.

மூன்றாவது: கணக்குப் போடுங்கள், ஆனால் அவர்கள் சொல்லும் விலையோடு அல்ல

அக்காவின் கணக்கையே போடுவோம். 59 டாலர், அன்றைக்கு டாலர் 82 ரூபாய் என்று வைத்தால் 4,838. கார்டில் வெளிநாட்டுப் பணக் கட்டணம் 3.5 சதவீதம், அதாவது 169. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 30 ரூபாய். மொத்தம் சுமார் 5,038 ரூபாய். அந்தக் கருவியின் மாதச் சந்தா 9 டாலர், இதே முறையில் போட்டால் 768 ரூபாய். 5,038ஐ 768ஆல் வகுத்தால் ஆறரை. ஏழாவது மாதத்திலிருந்து லாபம் என்று தோன்றும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த 9 டாலர் விலைக்கு நான் ஒருநாளும் சந்தா கட்டியிருக்க மாட்டேன். டீல் இல்லாவிட்டால் மாதம் 300 ரூபாய்க்கு வேறு ஒரு கருவியைத்தான் எடுத்திருப்பேன். அதோடு ஒப்பிட்டால் 17 மாதம் ஆகிறது. விற்பனைப் பக்கத்தில் அடித்துக் காட்டும் விலை, ஆடித் தள்ளுபடிப் பலகை மாதிரி. நாம் உண்மையில் கட்டியிருக்கக்கூடிய தொகைதான் ஒப்பீட்டுக்கு உதவும்.

இப்போது நான் வைத்திருக்கும் விதி: பிரவுசரில் ஓடும் வாழ்நாள் டீல் 12 மாதத்துக்குள் காசை ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் போனஸ். 12 மாதத்தில் கட்டாது என்றால் சந்தாவே மேல், பிடிக்காதபோது நிறுத்திவிடலாம். இது என் அனுபவத்தில் வந்த எண், சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

சந்தாவுக்கு எதிராக நம் ஊரில் ஒரு நியாயமான காரணமும் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகக் கழியும் மாதாந்தரக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி முன் அனுமதி, முன்னறிவிப்பு என்று விதிகளைக் கொண்டுவந்தது. 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட கழிவுகளுக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவை. ஆனால் பல சின்ன வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்த முறைக்கு இன்னும் ஒத்துவரவில்லை. கார்டு திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு, சந்தா நடுவில் நின்று, வாடிக்கையாளர் பக்கம் இருட்டாகிவிடும். ஒரேடியாகக் கட்டிவிட்டால் தொல்லை இல்லை என்று பலர் டீல் பக்கம் போவது இதனால்தான்.

இனி அக்கா கணக்கின் மறுபக்கம். 5,038 ரூபாயை 26 மாதத்தால் வகுத்தால் மாதம் 194. டீலாகப் பார்த்தால் நஷ்டமே இல்லை! வலித்தது ஸ்டிக்கரில். ஒரு ஸ்டிக்கர் 2 ரூபாய் 40 காசு, 3,000க்கு 7,200. அன்றைக்கு 1,800 ஸ்டிக்கர் மீதி இருந்தது. அதன் மதிப்பு மட்டும் 4,320. கடைகளில் ஏற்கனவே அடுக்கியிருந்த டப்பாக்களுக்கு என்ன கணக்குப் போடுவது? டீலின் விலையோடு, அதன் மேல் நாம் எதைக் கட்டி எழுப்புகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அச்சடித்த கோடு, நூறு பேருக்கு அனுப்பிய லிங்க், விசிட்டிங் கார்டு, கடைப் பலகை, இதெல்லாம் அந்தக் கம்பெனியின் மேல் ஆணி அடித்து மாட்டிய படங்கள். சுவர் போனால் படமும் போகும்.

நான்காவது: ரீஃபண்ட் நாட்களை வீணாக்காதீர்கள்

ஆப்சூமோ போன்ற சந்தைகளில் பெரும்பாலான டீல்களுக்கு 60 நாள் ரீஃபண்ட் உண்டு. பலர் 59ஆம் நாள்தான் கணக்கையே திறக்கிறார்கள். வாங்கிய ராத்திரியே நான் செய்வது மூன்று.

விதிமுறைப் பக்கத்தையும் டீல் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமிப்பேன். கூடவே `web.archive.org/save` போய் இரண்டின் முகவரியையும் கொடுத்துவிடுவேன். பின்னால் ‘அப்படி நாங்கள் சொல்லவே இல்லை’ என்று வந்தால், தேதியோடு மூன்றாம் இடத்தில் ஒரு பிரதி இருக்கும்.

இரண்டாவதாக, உள்ளே சும்மா பத்து வரி தகவலைப் போட்டு, அதை வெளியே எடுத்துப் பார்ப்பேன். எக்ஸ்போர்ட் என்று ஒரு பட்டன் இருந்தால் போதாது. வரும் ஃபைலை எக்செல்லில் திறந்தால் எல்லாப் பத்திகளும் இருக்கின்றனவா, தமிழ் எழுத்து உடைகிறதா, தேதி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கருவியில் பெயரும் ஈமெயிலும் வந்தன, வாடிக்கையாளர் எழுதிய குறிப்புகள் வரவில்லை. ரீஃபண்ட் கேட்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவதாக, சப்போர்ட்டுக்கு ஒரு நேரடிக் கேள்வி அனுப்புவேன்: ‘கம்பெனி விற்கப்பட்டால் என் வாழ்நாள் உரிமம் வாங்குபவரையும் கட்டுப்படுத்துமா?’ பதில் எதுவானாலும் அதைச் சேமித்து வைப்பேன். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஐந்தாவது: உங்கள் சொந்த டொமைனை நடுவில் வையுங்கள்

அக்கா விஷயத்தில் நான் செய்யாமல் விட்டது இது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கியூஆர் கோடு என்பது படமாக வரைந்த எழுத்து. அதற்குள் பெரும்பாலும் ஒரு வெப் முகவரி இருக்கும். முகவரி நேராக உங்கள் பக்கமாக இருந்தால் அதை மாற்ற முடியாது, ஆனால் யாரும் நிறுத்தவும் முடியாது. ‘மாற்றக்கூடிய’ கோடு என்று விற்பதில், படத்துக்குள் இருப்பது அந்தக் கம்பெனியின் சின்ன முகவரி. போன் முதலில் அங்கே போகும், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படும். நடுவில் நிற்கும் அந்த வாட்ச்மேன் வேலையை விட்டால், கோடு செத்தது. உங்களிடம் இப்போது இருக்கும் கோடு எந்த வகை என்று தெரிய, போன் கேமராவைக் காட்டி, திறக்காமல் திரையில் வரும் முகவரியைப் படியுங்கள். உங்கள் டொமைன் பெயர் வந்தால் சரி. கம்பெனியின் பெயர் வந்தால், அந்த ஸ்டிக்கர் அவர்களுடையது.

வாட்ச்மேனை நம் ஆளாக வைத்துக்கொள்ளலாம். முதலில் சொந்தமாக ஒரு டொமைன் வேண்டும். உதாரணத்துக்கு `example.in` என்று வைத்துக்கொள்வோம். டீலில் உள்ள கருவி ‘சொந்த டொமைன்’ வசதி தருகிறதா, நீங்கள் வாங்கும் படிநிலையிலேயே தருகிறதா என்று பாருங்கள். பல டீல்களில் இது மேல் படியில்தான் இருக்கும். அந்தப் படிக்குக் கூடுதலாகக் கட்டலாம் என்பது என் கட்சி. தருகிறது என்றால், டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் இப்படி ஒரு வரி சேர்ப்பீர்கள். வலது பக்கத்தில் வர வேண்டிய பெயரைக் கருவியே சொல்லும்:

```
go   300   CNAME   custom.vendor.example.
```

இதன் பொருள்: `go.example.in` என்று யார் கேட்டாலும் அந்தக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பு. 300 என்பது நொடிக் கணக்கு. பின்னால் திசை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் பரவும். இனி ஸ்டிக்கரில் அச்சாவது `https://go.example.in/pp` என்ற உங்கள் முகவரி. கடைசியில் வரும் `pp` மாதிரிக் குறியை நீங்களே வையுங்கள். கருவி தானாகத் தரும் `x7Kq9` வகையறாவை விட்டுவிடுங்கள், ஏனென்றால் நாளைக்கு நீங்களே அதை வேறு இடத்தில் உருவாக்க வேண்டியிருக்கும். குறி சின்னதாக இருப்பதில் இன்னொரு லாபம்: எழுத்து கூடக் கூடக் கோட்டில் கட்டங்கள் நெருங்கும், இரண்டு சென்டிமீட்டர் ஸ்டிக்கரில் சுமாரான கேமரா திணறும். எந்தக் குறி எந்தப் பக்கம் என்று ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள்.

கம்பெனி கை மாறினாலோ மூடினாலோ செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. கிளவுட்ஃபிளேர் பேஜஸ் மாதிரி ஒரு ஹோஸ்டிங்கில் இலவசக் கணக்கு எடுத்து, ஒரு சாதாரண `index.html` பக்கத்தோடு `_redirects` என்ற பெயரில் ஒரு ஃபைலைப் போடுங்கள்:

```
/pp   https://example.in/paruppu-podi   302
/ip   https://example.in/idli-podi      302
```

அப்புறம் அந்த ஹோஸ்டிங்கின் அமைப்புப் பக்கத்தில் `go.example.in` ஐச் சேர்த்து, டிஎன்எஸ் பக்கத்தில் பழைய CNAME வரியின் வலது பக்கத்தை அது சொல்லும் பெயருக்கு மாற்றுங்கள். 302 என்பது ‘தற்காலிகமாகத் திருப்பு’. 301 போட்டால் பிரவுசர் அதை நிரந்தரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த பண்டிகைக்கு நீங்கள் பக்கத்தை மாற்றினாலும் பழைய கஸ்டமருக்குப் பழையதே வரும். சரியாக வந்ததா என்று பார்க்க:

```
curl -sI https://go.example.in/pp
```

பதிலில் 302 என்ற எண்ணும், `location:` வரியில் உங்கள் பக்கமும் இருந்தால் முடிந்தது. கமாண்ட் பழக்கம் இல்லாவிட்டால் வேறொரு போனில் ஸ்கேன் செய்து பார்த்தாலே போதும். யார் எத்தனை முறை ஸ்கேன் செய்தார்கள் என்ற கணக்கு மட்டும் இந்த முறையில் தானாக வராது.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி மூடிய பிறகு அந்தப் பழைய CNAME வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். அவர்களின் டொமைன் காலாவதியாகி வேறொருவர் கையில் போனால், உங்கள் `go.example.in` முகவரியில் அவர் இஷ்டப்பட்டதைக் காட்ட வழி கிடைத்துவிடலாம். மாற்றுங்கள், இல்லையென்றால் அழியுங்கள்.

பெரிய கம்பெனியாக இருந்தால் இந்தப் பயம் வேண்டாமே என்று ஒரு நண்பர் சொன்னார். ஆப்களுக்குள் அழைத்துச் செல்லும் லிங்க்குகளுக்காக கூகுள் நடத்திவந்த ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் சேவை 2025 ஆகஸ்ட் 25 அன்று நின்றது. முன்னறிவிப்பு கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். ஆனாலும் அச்சில் போனது போனதுதான்.

இந்த டொமைன் வித்தை கியூஆருக்கு மட்டும் இல்லை. புக்கிங் பக்கம், படிவம், ஹெல்ப் பக்கம் என்று வெளியாள் கண்ணில் படும் எந்தக் கருவிக்கும் இதுவே வழி.

ஆறாவது: கை மாறப்போகிறது என்பது எப்படித் தெரியும்?

அறிவிப்பு மெயில் வருவதற்கு முன்பே சில மாற்றங்கள் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் கம்பெனி பெயர் மாறும், தனியுரிமைப் பக்கத்தில் நாட்டின் பெயர் மாறும். ‘புதிது என்ன’ பட்டியலில் மாதாமாதம் வந்த பதிவுகள் நின்றுபோகும். சப்போர்ட்டில் பெயர் சொல்லிப் பதில் எழுதிய ஆள் காணாமல் போய், பொதுப் பெயரில் பதில் வரும். புது வசதிகள் எல்லாம் வாழ்நாள் கணக்குகளுக்குக் கிடைக்காத புதுப் பிளானில் மட்டும் வரும். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அன்றே எக்ஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். மூடும் அறிவிப்புக்காகக் காத்திருந்தால், எல்லோரும் ஒரே வாரத்தில் எக்ஸ்போர்ட் அழுத்தி சர்வர் திணறும்.

ஏழாவது: விற்றுவிட்டார்கள், மூடிவிட்டார்கள். என்ன கேட்கலாம்?

ஒரு கம்பெனி விற்கப்படுவது இரண்டு விதம். பங்குகளை வாங்கினால் அதே கம்பெனி, முதலாளி மட்டும் வேறு. பழைய ஒப்பந்தங்கள் அப்படியே தொடரும், விதிமுறையை மாற்றினாலொழிய. சொத்துக்களை மட்டும் வாங்கினால், அதாவது சாஃப்ட்வேர், டொமைன், வாடிக்கையாளர் பட்டியல் மட்டும் கை மாறினால், பழைய வாக்குறுதிகள் காலியான பழைய கம்பெனியோடு நின்றுவிடலாம். சின்ன சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் விற்கப்படுகின்றன.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் விபிஎன்செக்யூர் என்ற விபிஎன் சேவை. ஸ்டாக்சோஷியல் போன்ற சந்தைகள் வழியாக வாழ்நாள் சந்தாவாக விற்கப்பட்டது. 2023இல் கை மாறியது. 2025இல் புது முதலாளிகள் வாழ்நாள் கணக்குகளை ரத்து செய்தார்கள். நாங்கள் வாங்கியது தொழில்நுட்பம், டொமைன், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றைத்தான், பழைய பொறுப்புகளை அல்ல, இப்படி வாழ்நாள் டீல்கள் இருந்தது வாங்கும்போது எங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கணக்கை இழந்தவர்களுக்குத் தள்ளுபடி விலையில் புதுச் சந்தா காட்டப்பட்டது.

காசைத் திரும்பப் பெற முதல் வழி கார்டு வங்கியில் புகார். சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்துக்கு, பிரச்சினை தெரிந்ததிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, ஆனால் விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள் கடைசி எல்லை. பேபால் என்றால் 180 நாள். நாங்கள் வாங்கி 26 மாதம், ஏறக்குறைய 790 நாள் ஆகியிருந்தது. கதவு எப்போதோ மூடிவிட்டது. ஒன்றரை வருடத்துக்குள் என்றால் மட்டும் வங்கிக்கு எழுதுங்கள், சேமித்த பிடிஎஃபையும் இணையுங்கள்.

நுகர்வோர் சட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2019 சட்டப்படி வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் உபயோகிப்பவருக்கு விலக்கு உண்டு. பொடி அரைக்கும் அக்கா அதற்குள் வருவார் என்று வாதாடலாம். 1915க்குப் போன் செய்து பதிவும் செய்யலாம். விற்றவர் இந்தியக் கம்பெனி என்றால் முயற்சி செய்யுங்கள். வெளிநாட்டில் காலியாகிவிட்ட ஒரு கம்பெனியிடம் 5,000 ரூபாய்க்காக அலைவதற்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

பேசிப் பார்ப்பதில் பலன் உண்டு. ‘முழுதாகத் திருப்பிக் கொடு’ என்பதை விட, ‘இன்னும் ஆறு மாதம் ஏழு கோடுகளையும் ஓட விடுங்கள், அதற்குள் நகர்ந்துவிடுகிறோம்’ என்று கேட்டேன். 90 நாள் கொடுத்தார்கள்.

சந்தாவும் வாழ்நாளும் கலந்த வழி

இரண்டையும் நேர்மையாகப் பிரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். நம் பெங்களூருக் கம்பெனியான டாலியையே பாருங்கள். லைசென்ஸ் நிரந்தரம், அப்டேட்டுக்கும் ஆன்லைன் சேவைகளுக்கும் டிஎஸ்எஸ் என்ற ஆண்டுக் கட்டணம். அதைக் கட்டாவிட்டாலும் இருக்கும் வெர்ஷனில் கணக்கு எழுதலாம், ஜிஎஸ்டி விதி மாறும்போதுதான் இடிக்கும். புரோகிராமர்களுக்கான சாஃப்ட்வேர் விற்கும் ஜெட்பிரெயின்ஸ் இன்னொரு மாதிரி: 12 மாதம் சந்தா கட்டினால், அப்புறம் நிறுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட வெர்ஷன் நிரந்தரமாக உங்களுடையது. வியாபாரத்தின் உயிர்நாடியான பில்லிங், கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றுக்கு இந்த வகையோ ஒழுங்கான சந்தாவோதான் என் சிபாரிசு. நாளைக்கே நின்றாலும் கடை திறக்கலாம் என்ற வேலைகளுக்கு வாழ்நாள் டீல்.

அக்காவின் 1,800 ஸ்டிக்கர்களை எறியவில்லை. கோடு இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்ட, சதுரமாகச் சின்ன ஸ்டிக்கர் ஒன்று 60 காசுக்கு அடித்தோம், மொத்தம் 1,080 ரூபாய். அவர் வீட்டு ஹாலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டினோம். புதுக் கோட்டில் அவருடைய சொந்த டொமைன். கருவி எதுவும் வாங்கவில்லை, ஏழு வரி `_redirects` ஃபைல்தான். முடித்து எழுந்தபோது அக்கா கேட்டார்: “இந்த டொமைனுக்கு வருஷா வருஷம் காசு கட்டணுமா தம்பி?” கட்ட வேண்டும் என்றேன். “அப்ப அதை மறக்காம என் போன்லயும் அலாரம் வெச்சுக் குடுத்துட்டுப் போ.” வைத்துக் கொடுத்தேன். காலாவதிக்கு 30 நாள் முன்பு ஒன்று, 7 நாள் முன்பு ஒன்று.